அறையின் மூலைவிட்டம் 17 அடி. 15 அடிக் குழாய் ஏன் உள்ளே வர மறுக்கிறது?

அளவுநாடா | மார்ச் 4, காலை

என் அறையின் நீளம் 12 அடி, அகலம் 9 அடி, உயரம் 8 அடி. ஆன்டெனா தாங்குவதற்காக வாங்கிய 15 அடி அலுமினியக் குழாயை அதற்குள் வைக்க வேண்டும். விட்டம் 2 அங்குலம். வெட்டி இணைத்தால் இணைப்பில் வலு போய்விடும் என்பதால் முழுதாகவே வைக்க நினைக்கிறேன். பள்ளியில் படித்த கனச்செவ்வகத்தின் மூலைவிட்டச் சூத்திரத்தை நினைவுபடுத்திக் கணக்கிட்டேன்.

√(12² + 9² + 8²) = √289 = 17

17 அடி இடம் இருக்கும்போது 15 அடிக் குழாய் தாராளமாக நுழைய வேண்டும். ஆனால் நடந்தது வேறு. எப்படிச் சாய்த்தாலும், முன்முனையை எதிர்மூலையில் கூரை வரை ஏற்றினாலும், பின்முனையில் ஏறத்தாழ ஓரடி வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. கதவு 12 அடிச் சுவரின் நடுவில் இருக்கிறது. 3 அடி அகலம், 7 அடி உயரம். வெளியே திறந்த தாழ்வாரம், தரை ஒரே மட்டம். சூத்திரம் தவறா, நான் அதைப் பயன்படுத்திய விதம் தவறா?

பத்தாம் வகுப்பு | மார்ச் 4, மாலை

சூத்திரம் சரிதான். எங்கள் வகுப்பில் இதை இரண்டு படிகளாகச் செய்வோம். முதலில் தரையில் மூலைக்கு மூலை: 12, 9 ஆகியவற்றால் 15 வரும். பிறகு அந்த 15ஐ அடியாகவும் சுவரின் 8ஐ உயரமாகவும் கொண்ட செங்கோண முக்கோணத்தை எடுத்தால் 17 வரும். இரண்டு முறையும் பிதாகரஸ் தேற்றம்தான்.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. மூலைக்கு மூலை வைப்பதுதான் மிக நீளமானது என்று எல்லாப் புத்தகங்களும் எடுத்துக்கொள்கின்றன. வேறு ஏதோ ஒரு சாய்வில் 17ஐவிட நீளமான கம்பி அடங்காது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? படம் வரைந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது; ஆனால் படத்தை நிரூபணம் என்று ஏற்க மாட்டார்கள்.

நடைபாதை | மார்ச் 4, இரவு

இது நடைபாதைத் திருப்பத்தின் சிக்கல். எங்கள் கட்டடத்தில் 4 அடி அகலமுள்ள இரண்டு நடைபாதைகள் செங்கோணத்தில் சந்திக்கின்றன. படுக்கைவாட்டில் தூக்கிச் சென்றால், அந்தத் திருப்பத்தைக் கடக்கக்கூடிய மிக நீளமான கம்பி 11.3 அடி மட்டுமே. இரு அகலங்களையும் மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்திக் கூட்டி, கூட்டுத்தொகையை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் அந்த அளவு கிடைக்கும். கூரை 8 அடி என்றால் கம்பியைச் சாய்த்து ஏறத்தாழ 13.9 அடி வரை கொண்டுபோகலாம். உங்கள் 15 அடி அதையும் தாண்டுகிறது. எனவே அறையின் அளவைப் பார்ப்பதால் பயன் இல்லை. வரும் வழியைப் பாருங்கள்.

மூலைமட்டம் | மார்ச் 5, காலை

நான் கட்டட வேலையில் பல ஆண்டுகள் மேற்பார்வை செய்தவன். பொருள் உள்ளே போகுமா என்பதை முடிவு செய்வது கதவு நிலையின் குறுக்களவு. 3 அடிக்கு 7 அடி நிலையின் மூலைவிட்டம் 7 அடி 7 அங்குலத்தைச் சற்றே தாண்டும். அதற்கு மேற்பட்ட எதையும் அந்த நிலை வழியாகக் கொண்டுபோக முடியாது என்பதே நாங்கள் வைத்திருக்கும் கணக்கு.

எண்ணும் எழுத்தும் | மார்ச் 5, பிற்பகல்

நால்வர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அவற்றைப் பிரித்துவிட்டால் குழாய் ஏன் நிற்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பின் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். கம்பியின் இரு முனைகளும் அறைக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக நீளவாக்கில் எவ்வளவு, அகலவாக்கில் எவ்வளவு, உயரவாக்கில் எவ்வளவு நகர வேண்டும் என்று மட்டும் பாருங்கள். இரண்டு முனைகளும் அறைக்குள் இருப்பதால், நீளவாக்கில் 12 அடிக்கு மேல் நகர இடமே இல்லை. அகலவாக்கில் 9, உயரவாக்கில் 8. கம்பி நீளத்தின் வர்க்கம் இந்த மூன்று நகர்வுகளின் வர்க்கங்களின் கூடுதல் என்பதால், அது 144 + 81 + 64ஐத் தாண்ட வழியே இல்லை. சாய்வைப் பற்றி எதுவும் பேசாமலேயே எல்லாச் சாய்வுகளுக்கும் சேர்த்து முடிந்துவிடுகிறது. 17 கிடைக்க வேண்டுமானால் மூன்று நகர்வுகளும் ஒருசேர முழுமையாக இருக்க வேண்டும். அதாவது இரு முனைகளும் எதிரெதிர் மூலைகளில்தான் இருக்க வேண்டும். ஆக, 17 அடிக் கம்பிக்கு அந்த அறையில் நான்கே நிலைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அது அசையவே முடியாமல் இறுகி நிற்கும்.

மூலைமட்டம் ஐயா சொன்ன கணக்கு பலகைக்குப் பொருந்தும். ஒட்டுப்பலகை ஒன்றின் இரண்டு பக்கங்களும் நிலையின் மூலைவிட்டத்தைவிட நீளமாக இருந்தால் அது நுழையாது. கம்பியோ நிலைக்குள் குறுக்காகப் போவதில்லை, முனையை முன்னிட்டு நீளவாக்கில் போகிறது. ஆகவே நிலையின் குறுக்களவு அதைக் கட்டுப்படுத்துவதில்லை. நடைபாதையின் கணக்கும் சரியே. ஆனால் அளவுநாடாவுக்கு வெளியே திறந்த தாழ்வாரம் இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார், அங்கே திருப்பம் எதுவும் இல்லை.

இனி அளவுநாடாவின் கேள்வி. 17 என்பது அறைக்குள் ஏற்கெனவே இருக்கும் கம்பிக்கான எல்லை. உள்ளே வந்து சேர வேண்டிய கம்பிக்கு வேறோர் எல்லை உண்டு. அதைக் காண, கம்பி முழுவதும் உள்ளே வந்துவிட்ட கடைசிக் கணத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கணத்தில் பின்முனை சரியாக வாசலில், சுவரின் உட்பரப்பு மட்டத்தில் இருக்கும். மீதிக் கம்பி முழுவதும் அறைக்குள் இருக்கும். எனவே கம்பியின் நீளம், வாசல் திறப்பில் உள்ள ஏதோ ஒரு புள்ளியிலிருந்து அறையின் ஏதோ ஒரு புள்ளி வரையிலான தூரம். அதற்கு மேல் போகவே முடியாது.

அந்தத் தூரம் அதிகபட்சம் எவ்வளவு? கதவு சுவரின் நடுவில் இருப்பதால், ஒரு மூலையிலிருந்து 4.5 அடியில் தொடங்கி 7.5 அடியில் முடிகிறது. வாசலின் ஓர் ஓரத்தில், தரையை ஒட்டிய புள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து எதிர்ச்சுவரின் தொலைவான மேல்மூலைக்கு நீளவாக்கில் 7.5, அகலவாக்கில் 9, உயரவாக்கில் 8.

√(7.5² + 9² + 8²) = √201.25 ≈ 14.19

அதாவது 14 அடி 2 அங்குலத்துக்குச் சற்று மேல். இதுதான் உங்கள் வாசல் அனுமதிக்கும் உச்ச நீளம், அதுவும் தடிமனே இல்லாத கம்பிக்கு. 15 அடியில் அது போக மீதி ஏறத்தாழ 10 அங்குலம். 2 அங்குல விட்டம் இன்னும் சில அங்குலங்களை எடுத்துக்கொள்ளும். நீங்கள் கண்ட ஓரடி இதுதான். சூத்திரம் தவறில்லை, நீளவாக்கில் 12 என்று போட்ட இடத்தில் வாசலுக்கு 7.5 என்று போட்டிருக்க வேண்டும்.

மூலைமட்டம் | மார்ச் 5, இரவு

பலகையையும் கம்பியையும் நான் ஒன்றாகச் சேர்த்தது உண்மைதான். எங்கள் வேலையில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பலகையும் அலமாரியும் என்பதால் அந்தக் கணக்கே முன்னால் நிற்கிறது. ஆனாலும் கடைசிக் கணம் என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. பின்முனையை வெளியே மேலே தூக்கிப் பிடித்து, முன்முனையைத் தரையோடு செலுத்தி, பிறகு பக்கவாட்டில் வளைத்துத் திருப்பினால் கூடுதல் நீளம் போகும் என்பது எங்கள் பழக்கம். நிலையைக் கழற்றிவிட்டு ஏற்றியதும் உண்டு.

எண்ணும் எழுத்தும் | மார்ச் 6, காலை

அந்தப் பழக்கம் பயன் தருவது உண்மைதான். ஏனென்றால் நேராகத் தள்ளும்போது கம்பி அந்த எல்லையை எட்டுவதற்கு முன்பே எங்காவது முட்டிக்கொள்ளும், சாய்த்துத் திருப்பும்போது எல்லைக்கு அருகே போக முடியும். ஆனால் எல்லையைத் தாண்ட முடியாது. எந்தத் திருப்பலைச் செய்தாலும், எந்த வரிசையில் செய்தாலும், பின்முனை வாசலைக் கடக்கும் கணம் ஒன்று வந்தே தீரும். அந்தக் கணத்தில் கம்பி எங்கிருந்து எப்படி வந்தது என்பது பொருட்டில்லை; ஒரு முனை திறப்பில், மற்றதெல்லாம் உள்ளே, அவ்வளவுதான்.

நிலையைக் கழற்றுவது எல்லையையே மாற்றும், ஏனெனில் திறப்பு அகலமாகிறது. ஆனால் எவ்வளவு? பக்கத்துக்கு 3 அங்குலம் கூடினால் 7.5 என்பது 7.75 ஆகும், உச்ச நீளம் 14.32 அடி. ஒன்றரை அங்குலம்தான் கிடைக்கிறது. உயரத்தில் கிடைக்கும் கூடுதல் திறப்பால் இங்கே எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் கடைசிக் கணத்தில் பின்முனை தரையில் இருக்கிறது.

கதவு எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அதே 3 அடிக் கதவு சுவரின் மூலையை ஒட்டி இருந்திருந்தால், திறப்பின் ஓரமே அறையின் மூலையாக இருந்திருக்கும், 7.5க்குப் பதிலாக 12 வந்து, எல்லை 17 அடிக்கே போயிருக்கும்.

அளவுநாடா | மார்ச் 6, மாலை

அளந்து பார்த்தேன். முன்முனை கூரைமூலையில் இருக்கும்போது வாசலுக்கு வெளியே நிற்பது 12 அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது. கணக்குடன் ஒத்துப்போகிறது.

கதவை இடம் மாற்ற முடியாது. ஆனால் 9 அடிச் சுவர்களில் ஒன்றில் ஜன்னல் இருக்கிறது. கம்பிகள் பொருத்தப்படாத, இரு கதவுகளும் முழுதாகத் திறக்கும் ஜன்னல். ஒரு பக்கம் மூலையிலிருந்து 1 அடி தள்ளித் தொடங்குகிறது. அகலம் 4 அடி. அடிக்கட்டை தரையிலிருந்து 3 அடி, மேல்விளிம்பு 7 அடி. கதவைவிடச் சிறிய திறப்பு என்பதால் அதை நான் யோசிக்கவே இல்லை.

எண்ணும் எழுத்தும் | மார்ச் 6, இரவு

சிறிய திறப்புதான், ஆனால் நல்ல இடத்தில் இருக்கிறது. 9 அடிச் சுவரில் இருப்பதால், அங்கிருந்து எதிர்ச்சுவர் முழு 12 அடி தொலைவில் இருக்கிறது. மூலையிலிருந்து 1 அடி தள்ளி இருப்பதால் அகலவாக்கில் 8 அடி கிடைக்கிறது. உயரவாக்கில் இரண்டு வழிகள் உண்டு. அடிக்கட்டையிலிருந்து எதிர்க் கூரைமூலைக்குப் போனால் 5 அடி. மேல்விளிம்பிலிருந்து எதிர்த் தரைமூலைக்குப் போனால் 7 அடி. இரண்டாவதே பெரியது.

√(12² + 8² + 7²) = √257 ≈ 16.03

தடிமனுக்காகச் சில அங்குலங்களைக் கழித்தாலும் 15 அடிக்கு நன்றாக இடம் இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து குழாயை ஜன்னலின் மேல்மூலை ஓரமாக, முன்முனை கீழ்நோக்கிச் சாயும்படி செலுத்துங்கள். முன்முனை எதிர்ச்சுவரின் தொலைவான தரைமூலையைத் தொடும் வரை போகட்டும். இந்தச் சாய்வில் வெளியே நிற்கும் பகுதி மேல்நோக்கி எழும் என்பதால், ஜன்னலுக்கு வெளியே தலைக்கு மேல் கூரைநீட்டமோ கிளையோ இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கதவு வழியில் வெளித்தரை குறுக்கே வந்தது; இங்கே வெளியே திறந்த வெளி மட்டும்தான்.

சுவரின் தடிமனும் சற்று இடைஞ்சல் செய்யும், ஏனெனில் குழாய் சுவரைச் சாய்வாகக் கடக்கிறது. வெளிவிளிம்பின் மேல்மூலையில் உரசாமல் போக வேண்டும். 16.03க்கும் 15க்கும் இடையில் ஓரடிக்கு மேல் விடுவிப்பு இருப்பதால் அது தடையாகாது.

பத்தாம் வகுப்பு | மார்ச் 7, மாலை

தடிமனுக்குச் சில அங்குலங்கள் என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சரியாகக் கணக்கிட முடியுமா? 2 அங்குல விட்டமுள்ள குழாய் 17 அடி அறையில் எவ்வளவு நீளம் இருக்கலாம்? விட்டம் 2 அங்குலம் என்றால் ஒரு முனைக்கு 1 அங்குலம் வீதம் 2 அங்குலம் கழிப்பதா?

எண்ணும் எழுத்தும் | மார்ச் 8, காலை

கழிக்க வேண்டியது அதைவிடக் கூடுதல், ஆனால் மிகவும் கூடுதல் இல்லை. குழாயின் முனை தட்டையான வட்டம். அந்த வட்டம் மூலைக்குள் முழுதாகப் போய் முட்டாது. மூன்று சுவர்ப்பரப்புகளையும் விளிம்பால் தொட்டுக்கொண்டு, மூலைப் புள்ளியிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். அந்த விலகல்தான் இழப்பு.

எளிதான கனசதுர அறையில் இதைத் துல்லியமாகப் பார்த்துவிடலாம். மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக மூலையை வெட்டினால் சமபக்க முக்கோணம் கிடைக்கும். மூலையிலிருந்து வெட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதை √2ஆல் வகுத்தால் வருவது அந்த முக்கோணத்துக்குள் அடங்கும் வட்டத்தின் ஆரம். குழாயின் ஆரம் 1 அங்குலம் என்றால், வெட்டு 1.41 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். இரு முனைகளுக்கும் சேர்த்து 2.83 அங்குலம், அதாவது விட்டத்தைப்போல் √2 மடங்கு.

கனச்செவ்வகத்தில் முக்கோணம் சமபக்கமாக இருக்காது. குழாயின் அச்சும் மூலைவிட்டத்திலிருந்து மிகச் சிறிது விலகிக்கொள்ளும். ஆனால் அந்த விலகலால் நீளத்தில் ஏற்படும் மாற்றம் புறக்கணிக்கத் தக்கது. ஒவ்வொரு பக்கத்தையும் மூலைவிட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை u என்போம். 12/17, 9/17, 8/17 என்று மூன்று எண்கள். மூன்றுக்கும் u√(1 − u²) என்பதைக் கணக்கிட்டுக் கூட்டினால் 1.364 வருகிறது. இழப்பு விட்டத்தைப்போல் அத்தனை மடங்கு: 2 அங்குலக் குழாய்க்கு 2.73 அங்குலம். ஆக உங்கள் அறையில் அடங்கும் மிக நீளமான 2 அங்குலக் குழாய் 16 அடி 9¼ அங்குலம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. எந்த அளவுள்ள அறையை எடுத்தாலும் அந்தக் கூட்டுத்தொகை √2ஐத் தாண்டாது. தாழ்வான அறை, நீண்ட அறை எதுவானாலும் கனசதுரமே மிக அதிக இழப்பைத் தருவது. எனவே விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கழித்துவிட்டால் எப்போதும் பாதுகாப்பான பக்கத்தில் இருப்போம். அறையின் அளவுகளோடு ஒப்பிடும்போது குழாய் மெல்லியதாக இருக்கும் வரைக்கும்தான் இது பொருந்தும். அறையின் கால்வாசியை அடைக்கும் பெரிய உருளைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகக் கூடாது.

அளவுநாடா | மார்ச் 9, மாலை

ஜன்னல் வழியாகக் குழாய் உள்ளே வந்துவிட்டது. இருவர் பிடித்தோம், மேல்மூலையில் லேசாக உரசியதைத் தவிர எந்தச் சிக்கலும் இல்லை.

இப்போது வேறொன்று. தரையின் மூலைவிட்டம் சரியாக 15 அடி. குழாயும் 15 அடி. தடிமன் காரணமாகத் தரையில் முழுதாகப் படுக்காது என்று எதிர்பார்த்தேன். ஒரு முனை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி நிற்கும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு முனை தரையில் இருக்க, மறுமுனை முழங்காலுக்கும் மேலே, தரையிலிருந்து இரண்டடிக்குச் சற்று மேல் நிற்கிறது. அதற்குக் கீழே அழுத்தினால் இரு சுவர்களையும் கடித்துக்கொண்டு இறங்க மறுக்கிறது. குழாய் நீளத்தை மறுபடி அளந்தேன், 15 அடிதான். எதையோ தவறவிட்டேனா?

மூலைமட்டம் | மார்ச் 9, இரவு

இரண்டங்குலத் தடிமனுக்கு இரண்டடி உயராது. உங்கள் அறையின் மூலைகள் செங்கோணமாக இருக்காது. எந்த அறையும் வரைபடத்தில் இருப்பதுபோல் இருப்பதில்லை. தரையின் இரண்டு குறுக்களவுகளையும் நாடாவால் எடுத்துப் பாருங்கள். ஒரு மூலை 90 பாகைக்குப் பதிலாக 89 ஆக இருந்தாலே ஒரு குறுக்கு 15 அடி 1½ அங்குலமாகவும், மற்றது 14 அடி 10½ அங்குலமாகவும் இருக்கும். குழாய் குட்டையான குறுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எண்ணும் எழுத்தும் | மார்ச் 10, காலை

குறுக்களவை எடுக்கச் சொன்னது நல்ல அறிவுரை. ஆனால் இரண்டடி உயர்வுக்குக் கோணல் அறை தேவையில்லை. நேரான அறையிலேயே அது வரும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நம் உள்ளுணர்வு தடுமாறும் இடம் இதுதான்.

முதலில், தரையில் படுத்திருக்கும் 2 அங்குலக் குழாய்க்கு எவ்வளவு இடம் இருக்கிறது? மேலிருந்து பார்த்தால் குழாய் ஒரு நீண்ட செவ்வகம். அதை 12க்கு 9 செவ்வகத்துக்குள் குறுக்காக வைக்கிறோம். அங்கே இழப்பு விட்டத்தைப்போல் 0.96 மடங்கு, அதாவது 1.9 அங்குலம். எனவே படுக்கக்கூடிய நீளம் 14 அடி 10 அங்குலம். உங்கள் குழாய் அதைவிட ஏறத்தாழ 2 அங்குலம் நீளம்.

இப்போது அந்த 2 அங்குலத்தை மறைக்க எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று பாருங்கள். படுத்திருக்கும் 15 அடிக் குழாயின் ஒரு முனையை ஓரடி உயர்த்தினால், தரைமீது அது அடைக்கும் நீளம் எவ்வளவு குறையும்? √(225 − 1) என்பது 14.967. குறைவு அரை அங்குலம்கூட இல்லை. இரண்டடி உயர்த்தினால் √(225 − 4), அதாவது 14.866; குறைவு 1.6 அங்குலம். இரண்டங்குலத்துக்கு அருகே குறைய வேண்டுமானால் 2.2 அடி உயர்த்தியே ஆக வேண்டும். நீங்கள் கண்டதும் அதுவே.

காரணம், உயர்வின் வர்க்கம்தான் கணக்கில் வருகிறது. சிறிய உயர்வின் வர்க்கம் மிகச் சிறியது. குழாய் ஏறத்தாழப் படுத்திருக்கும்போது, தரைமீது அது அடைக்கும் நீளம் உயர்வைப் பொருட்படுத்துவதே இல்லை. அதைத் திருப்பிப் படித்தால், நீளத்தில் ஒரு சிறு மிச்சம் உயர்வில் பெரிதாக வெளிப்படுகிறது. 8 அடி உயரமுள்ள கூரை, 15 அடித் தரைக் குறுக்கோடு சேர்ந்து 2 அடியை மட்டுமே கூட்டித் தருவதும் இதனால்தான்.

மூலைமட்டம் ஐயாவின் ஐயத்தையும் இதைக் கொண்டே சோதிக்கலாம். குழாய் நீளமான குறுக்கில், அதாவது 15 அடி 1½ அங்குலக் குறுக்கில் இருந்திருந்தால், படுக்கக்கூடிய நீளம் 14 அடி 11½ அங்குலத்துக்கு மேல் வந்து, உயர்வு ஏறத்தாழ ஓரடியாகச் சுருங்கியிருக்கும். குட்டைக் குறுக்கில் இருந்திருந்தால் உயர்வு மூன்றடியை எட்டியிருக்கும். இரண்டடிக்குச் சற்று மேல் நிற்பதைப் பார்த்தால் மூலைகள் 90 பாகைக்கு மிக அருகில் இருக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. ஆயினும் நாடா சொல்வதே முடிவு.

நடைபாதை | மார்ச் 10, மாலை

தொடக்கத்தில் நான் கேள்வியை வழியைப் பற்றியதாக எடுத்துக்கொண்டேன். இப்போது உள்ளே வந்த குழாயைப் பற்றிக் கேட்கிறேன். அது ஒரு குறுக்கில் நிற்கிறது. உயர்ந்திருக்கும் முனை வேறு பக்கம் இருந்தால் வசதி என்றால், அறைக்குள்ளேயே திருப்ப முடியுமா?

எண்ணும் எழுத்தும் | மார்ச் 10, இரவு

முடியாது. காரணமும் முன்பு சொன்ன கடைசிக் கணத்தைப் போன்றதே. ஒரு மூலைவிட்டத்திலிருந்து வேறொன்றுக்குப் போக வேண்டுமானால், மூன்று நகர்வுகளில் ஏதாவது ஒன்று திசை மாற வேண்டும். திசை மாறும்போது அது ஒரு கணம் பூச்சியமாக இருக்க வேண்டும். உயரவாக்கு பூச்சியமானால் குழாய் படுத்திருக்கிறது. அங்கே எல்லை 15 அடி. அகலவாக்கு பூச்சியமானால் √(144 + 64), அதாவது 14.4 அடி. நீளவாக்கு பூச்சியமானால் √(81 + 64), அதாவது 12 அடியைச் சற்றே தாண்டும். 15 அடிக்கு மேற்பட்ட எந்தக் கம்பியும் அந்த அறையில் தான் நிற்கும் மூலைவிட்டத்தைவிட்டு மாற முடியாது. 2 அங்குலக் குழாய்க்கு அந்த எல்லை 14 அடி 10 அங்குலமாகக் குறைகிறது. அளவுநாடாவின் குழாய் அதைத் தாண்டிவிட்டதால், எந்த மூலைவிட்டத்தில் நுழைந்ததோ அதிலேயே இருக்கும். முனை மாற வேண்டுமானால் ஜன்னல் வழியாக வெளியே எடுத்து மறுபடி செலுத்த வேண்டும். அப்போதும் அந்த ஜன்னல் எந்த மூலைகளுக்கு வழி விடுகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு | மார்ச் 11, மாலை

12, 9, 8 என்று எடுத்தால் தரைக் குறுக்கு 15, முழு மூலைவிட்டம் 17 என்று முழு எண்களாக வருகின்றன. ஆனால் சுவர்களின் குறுக்குகள் √145, √208 என்று முழு எண் இல்லாமல் நிற்கின்றன. மூன்று பக்கங்கள், மூன்று முகக் குறுக்குகள், முழு மூலைவிட்டம் என ஏழும் முழு எண்களாக இருக்கும் அறை உண்டா? மாலை முழுவதும் தேடினேன், அகப்படவில்லை.

எண்ணும் எழுத்தும் | மார்ச் 11, இரவு

அகப்படாததற்கு வருந்த வேண்டாம். இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆறு வரை போகலாம். 44, 117, 240 என்ற பக்கங்களை எடுத்தால் முகக் குறுக்குகள் 125, 244, 267 என்று முழு எண்களாக வரும். இந்த மூன்றையும் 1719இல் பால் ஹல்கே கண்டார். ஆனால் அதன் முழு மூலைவிட்டம் √73225, ஏறத்தாழ 270.6. ஏழாவதில்தான் எல்லாரும் நிற்கிறோம். கணினியால் மிகப் பெரிய எண்கள் வரை தேடியும் கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்றே பலர் எண்ணுகிறார்கள். எனக்கு எந்தப் பக்கமும் சாயத் துணிவில்லை.

மூலைமட்டம் | மார்ச் 12, காலை

ஓர் ஐயம் எனக்கு மீதி இருக்கிறது. குழாய் வளையாது என்று வைத்துத்தான் எல்லாக் கணக்கும் செய்தீர்கள். மூங்கிலோ நெகிழிக் குழாயோ என்றால் வில்லாக வளைத்து 14 அடி வாசலில் 15 அடியை ஏற்றியிருக்கிறோம். எந்த அளவு வளைவுக்கு எவ்வளவு கூடுதல் நீளம் என்று கணக்கு உண்டா?

எண்ணும் எழுத்தும் | மார்ச் 12, பிற்பகல்

சீரான வில்லாக வளைந்தால், நடுவில் எவ்வளவு புடைக்கிறதோ அதன் வர்க்கத்தை எட்டால் பெருக்கி, நீளத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் வருவது ஏறத்தாழ மிச்சமாகும் நீளம். 15 அடி மூங்கில் நடுவில் ஓரடி புடைத்தால் 2 அங்குலம்தான் கிடைக்கும். இரண்டடி புடைத்தால் எட்டரை அங்குலம். இங்கும் வர்க்கம்தான் வருகிறது. ஆனால் வளைந்த கம்பிக்கு மூலையில் அடங்கும் வடிவம் மாறிவிடுகிறது. புடைப்பு சுவரில் இடிக்காமல் இருக்க அறையின் எந்தப் பக்கம் நோக்கி வளைப்பது என்பது வாசலுக்கு வாசல் வேறுபடும். அதற்குப் பொதுவான விடை ஒன்றை என்னால் எழுதிக்காட்ட முடியவில்லை.

அளவுநாடா | மார்ச் 13, காலை

தரைக் குறுக்குகளை எடுத்தேன். குழாய் நிற்கும் குறுக்கு 15 அடியோடு அரை அங்குலத்துக்கும் குறைவான வேறுபாடு. மற்றக் குறுக்கில் அலமாரி நிற்பதால் நாடா போகவில்லை. அதை நகர்த்திய பிறகு எழுதுகிறேன்.